ஸ்டீம் வாலட்டில் கிடக்கும் பணம்

கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் வாலட்டில் பணம் போட்டு ஓராண்டு தொடாமல் விட்டால் அது காலாவதி ஆகிவிடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது, கணக்கு உங்களுடையதாக இருக்கும்வரை இருப்பு அப்படியே இருக்கும். குழப்பம் வருவதே 14 நாள் என்ற கெடுவால்தான், ஆனால் அந்தக் கெடு கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு, இருப்பு காலாவதி ஆவதற்கு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யுபிஐ வழியாக 1,500 ரூபாய் வாலட்டில் ஏற்றுகிறீர்கள். 950 ரூபாய்க்கு ஒரு கேம் வாங்க, மீதி 550. ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்ததில் பிடிக்கவில்லை, ஐந்தாம் நாள் ரீஃபண்ட் கேட்கிறீர்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பொதுவாக ஒப்புக்கொள்வார்கள். ஒப்புதல் வந்து ஒரு வாரத்துக்குள் 950 திரும்பி வரும், இருப்பு மறுபடியும் 1,500. வந்து சேர்வது வாலட்டுக்குத்தான், வங்கிக்கு இல்லை, ஏனென்றால் கேமுக்குக் காசு கொடுத்தது வாலட். நேராகக் கார்டிலேயே வாங்கியிருந்தால் கார்டுக்கா வாலட்டுக்கா என்று தேர்ந்தெடுக்கலாம். கார்டுக்குத் திருப்பி அனுப்ப வழியில்லாதபோது முழுத் தொகையும் வாலட்டில் விழும்.

சரி, வாலட்டில் ஏற்றிய பணத்தையே வங்கிக்குத் திரும்ப வாங்க முடியுமா? முடியும், ஆனால் ஸ்டீமிலேயே ஏற்றியதாக இருக்க வேண்டும், ஏற்றி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், அதில் ஒரு ரூபாய்கூடச் செலவாகியிருக்கக் கூடாது. கடையில் வாங்கிய கிஃப்ட் கார்டு கோடுக்கு இந்த வழி கிடையாது. அதனால் எந்த கேம் என்று முடிவாகாதபோது பெரிய தொகையை ஏற்ற வேண்டாம், அது கெடாமல் கிடக்கும்தான், ஆனால் அந்த 14 நாள் போனால் வெளியே எடுக்க முடியாது, நண்பர் கணக்குக்கு மாற்றவும் முடியாது.

மேலே சொன்ன கேமையே வைத்துப் பார்த்தால் ரீஃபண்டுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. நீங்கள் வாங்கிய மூன்றாம் நாள் தள்ளுபடி வந்து விலை 475 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீஃபண்ட் கேட்டால் அன்றைய விலை அல்ல, நீங்கள் கொடுத்த 950 வரும். அப்புறம் அதையே 475-க்கு வாங்கினால் இருப்பில் 1,025 நிற்கும். இதைத் தவறான பயன்பாடாகக் கருதமாட்டோம் என்று ஸ்டீமின் ரீஃபண்ட் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது, தயங்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும், ரீஃபண்ட் வாலட்டில் வந்து சேரும் முன்பே தள்ளுபடி முடிந்துவிடலாம், எனவே கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

பணம் வந்ததா என்று பார்க்க, கணக்கு விவரங்களில் உள்ள வாங்கிய வரலாற்றைத் திறங்கள். Wallet Change என்ற பத்தியில் வாங்கியது −950 என்றும், திரும்பியது +950 என்றும் தனித்தனி வரியாக நிற்கும், பக்கத்திலேயே Wallet Balance பத்தியில் அந்த நேரத்து இருப்பு. ரீஃபண்ட் ஒப்புதல் மின்னஞ்சல் வந்தும் ஒரு வாரமாக அந்த + வரி வரவில்லையென்றால், கார்டில் வாங்கியதற்கு வாலட்டுக்குப் பதில் கார்டையே தேர்ந்தெடுத்துவிட்டோமா என்று முதலில் அந்த மின்னஞ்சலில் பாருங்கள்.