‘விரைவில் புதுப்பித்துக்கொள்கிறேன்’ என்று மனிதவளத் துறைக்கு எழுதாதீர்கள்

வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி அளிப்பதும், அவர்களுடைய பயிற்சிக் கோப்புகளைச் சரிபார்ப்பதும் என் வேலை. பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ் காலாவதியானதைத் தெரிவித்து எங்கள் மனிதவளத் துறைக்கு வந்த மூன்று மின்னஞ்சல்கள் ஒரே மாதத்தில் என் மேசைக்கு அனுப்பப்பட்டன. மூன்றிலும் ஏறக்குறைய இதே வாசகம் இருந்தது: “ஐயா, என் பி.எல்.எஸ். சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. விரைவில் புதுப்பித்துக்கொள்கிறேன். தவறுக்கு மன்னிக்கவும்.”

மூன்று பேரும் நல்ல செவிலியர்கள், மூவருக்கும் வருத்தம் உண்மையானது. ஆனால் அந்த மடலை வைத்துக்கொண்டு மனிதவளத் துறையால் எதையும் செய்ய முடியாது. நோயாளியின் இதயமோ மூச்சோ நின்றதும் அவசர அழைப்பைக் கேட்டு ஓடி வரும் கோட் ப்ளூ குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அங்கே இருப்பவருக்குத் தெரியாது. இரவு டூட்டியில் உங்கள் வார்டில் உங்களைத் தவிர வேறு யாரிடம் செல்லுபடியாகும் கார்டு இருக்கிறது என்பதும் தெரியாது. அவருக்கு வேண்டியது மன்னிப்பு அல்ல. சான்றிதழ் எந்தத் தேதியோடு முடிந்தது, எந்தத் தேதிக்குள் புதியது கைக்கு வரும், இடைப்பட்ட நாட்களில் உங்களை எந்தப் பணியில் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்ற தகவல்கள்தான் வேண்டும்.

மூன்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் அந்தச் சிஸ்டர் குடியாத்தத்திலிருந்து வந்து போகிறவர். அவர் அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். பயிற்சியை 2023 மார்ச் 12 அன்று முடித்தவர். இந்தக் கார்டு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவும் வழங்கப்பட்ட மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஆகவே அவருடைய கார்டு 2025 மார்ச் 31 வரை செல்லுபடியானது. இ-கார்டில் `Renew By` என்ற இடத்தில் மாதமும் ஆண்டும் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. அவர் அதைப் பார்த்தது 2025 ஜூன் 9 திங்கட்கிழமை, அதுவும் நான் கோப்பைக் கேட்டபோதுதான். ஏப்ரல் 1 முதல் அன்று வரை எழுபது நாட்கள் ஆகியிருந்தன.

அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்தான் என்னை மிகவும் சலிப்படையச் செய்வது: “மேடம், இந்த வாரமே புதுப்பித்துவிட்டால் பழைய தேதியிலிருந்தே தொடர்ச்சியாகச் சேர்த்துக்கொள்வார்கள் அல்லவா?” சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆண்டுதோறும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஆகவே இங்கே சற்று நீட்டியே சொல்லிவிடுகிறேன். இது காப்பீட்டுத் தவணை அல்ல. தாமதமாகக் கட்டினாலும் பின்தேதியிட்டு உயிர்ப்பித்துக்கொள்ள முடியாது. புதிய கார்டு, நீங்கள் தேர்வில் தேறிய நாளிலிருந்துதான் தொடங்கும். பழைய கார்டு முடிந்த நாளுக்கும் புதிய கார்டு தொடங்கும் நாளுக்கும் இடையிலான இடைவெளி உங்கள் கோப்பில் அப்படியே இருக்கும். தர அங்கீகார ஆய்வுக்கு வருகிறவர் கோப்பைத் திறந்து இரண்டு கார்டுகளையும் அருகருகே வைத்தால், அந்த இடைவெளியை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்போது அந்த இடைவெளிக்கு விளக்கமாகக் கோப்பில் இருக்கக்கூடிய ஒரே தாள், நீங்கள் மனிதவளத் துறைக்கு எழுதிய மின்னஞ்சல்தான். அதில் “விரைவில்” என்று மட்டும் இருந்தால், மருத்துவமனை இந்தக் குறையை அறிந்த பிறகும் எதுவும் செய்யவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இதே தவறான எண்ணத்தின் இன்னொரு வடிவம், பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்பது. பணம் கட்டிய ரசீது கார்டு ஆகாது. இணையவழிப் பாடத்தை முடித்ததும் கணினி தரும் நிறைவுச் சான்றும் கார்டு ஆகாது. அதற்குப் பிறகு பொம்மையின் மீது செய்முறைத் தேர்வில் பயிற்றுநர் முன்னிலையில் தேறினால்தான் கார்டு வரும். அந்த இணையச் சான்றை இணைத்து “புதுப்பித்துவிட்டேன்” என்று எழுதியவர்களும் உண்டு; அதை மனிதவளத் துறை நம்பிக் கோப்பில் சேர்த்ததும் உண்டு. நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்த தாளை அனுப்புகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அது வேறு, இது வேறு.

அன்று மாலை அந்தச் சிஸ்டரை உட்காரவைத்து, மின்னஞ்சலை மறுபடி எழுதவைத்தேன். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை நீக்கி இங்கே தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமுள்ள இடங்களிலும் செய்திகளின் வரிசை இதுவாகவே இருக்கட்டும்.

பொருள்: பி.எல்.எஸ். சான்றிதழ் 31.03.2025 அன்று காலாவதியானது – புதுப்பிக்கும் திட்டம், தேதி 21.06.2025

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எனது பி.எல்.எஸ். சான்றிதழ் 31.03.2025 அன்றுடன் காலாவதியாகிவிட்டது. இதை நான் 09.06.2025 அன்று கோப்புச் சரிபார்ப்பின்போதுதான் கவனித்தேன். இடைப்பட்ட நாட்களில் நான் கோட் ப்ளூ குழுவில் இடம்பெற்றிருந்தேன். இரண்டு அழைப்புகளில் பங்கேற்றுள்ளேன்.

இணையவழிப் பாடத்தை 14.06.2025 சனிக்கிழமைக்குள் முடிக்கிறேன். செய்முறைத் தேர்வுக்கு 21.06.2025 சனிக்கிழமை இடம் உறுதி செய்துள்ளேன். உறுதிப்படுத்திய மடலை இணைத்துள்ளேன். அன்று இயலாமற்போனாலோ, தேறாவிட்டாலோ 28.06.2025 அன்றைய வகுப்பில் கலந்துகொள்வேன். கார்டின் நகலை 05.07.2025க்குள் சமர்ப்பிக்கிறேன்.

அதுவரை என்னைக் கோட் ப்ளூ குழுவிலிருந்து விடுவித்து, செல்லுபடியாகும் சான்றிதழ் உள்ள மற்றொரு செவிலியருடன் சேர்ந்த பணிநேரங்களில் மட்டும் நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அவர்களுக்கும் இம்மடலின் நகலை அனுப்பியுள்ளேன். 21.06.2025 பணி நாளாகக் கருதப்படுமா, விடுப்பு எடுக்க வேண்டுமா என்பதையும், பயிற்சிக் கட்டணம் யாரைச் சார்ந்தது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இந்த மடலில் அவர் நீக்கிவிடக் கேட்டது ஒரே வரியைத்தான்: இரண்டு கோட் ப்ளூ அழைப்புகளில் பங்கேற்றேன் என்பது. எல்லோரும் நீக்க விரும்புவது அந்த வரியைத்தான். அந்த அழைப்புகளின் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. மடலில் மறைத்தால் பிறகு அது மறைத்ததாகவே நிற்கும். முன்வந்து எழுதினால், அந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு துறைக்குக் கிடைக்கும். அவர் தயங்கினார், பிறகு அந்த வரியை விட்டுவைத்தார்.

மாற்றுத் தேதியையும் கவனியுங்கள். செய்முறைத் தேர்வில் பெரியவருக்கான மார்பழுத்தம் 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலான வேகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழும்ப விட வேண்டும். எழுத்துத் தேர்வின் 25 கேள்விகளில் 21 சரியாக இருக்க வேண்டும். பத்தாண்டு அனுபவமுள்ளவர்களும் தவறுவது பெரும்பாலும் அந்த மேலெழும்பலில்தான். களைப்பில் கையை மார்பின் மேலேயே சாய்த்துவிடுகிறார்கள். “தினமும் செய்கிற வேலைதானே, திறமைக்கும் காலாவதி உண்டா” என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், உண்டு என்பதுதான். பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே ஆழமும் வேகமும் மாறத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே ‘கட்டாயம் தேறிவிடுவேன்’ என்ற நம்பிக்கையில் ஒரே தேதியை மட்டும் எழுதாதீர்கள்.

இடம் உறுதியாகாமல் தேதி எழுதுவதும் கூடாது. வேலூரிலேயே வகுப்பு கிடைக்காத வாரங்களில் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய்வர ஒரு முழு நாள் ஆகும். அதற்கேற்ப டூட்டியை மாற்ற வேண்டும். காலாவதியானவர்களைச் சில மையங்கள் சுருக்கமான புதுப்பிப்பு வகுப்பில் சேர்க்காமல் முழு வகுப்பில்தான் சேர்க்கின்றன, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அமைப்பின் சான்றிதழை உங்கள் நிறுவனம் ஏற்கிறது என்பதையும் மனிதவளத் துறையிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். கார்டு காலாவதியான விஷயம் தெரிந்த மறுநாள், ஒரு இளம் செவிலியர் என்னிடம், “அப்படியென்றால் இப்போது யாராவது மயங்கி விழுந்தால் நான் சி.பி.ஆர். செய்யக் கூடாதா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பயமுறுத்தியது. கண்முன் ஒருவருக்கு மூச்சும் நாடித்துடிப்பும் இல்லையென்றால், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதவிக்கு ஆள் அழைத்துவிட்டு உடனே அழுத்தத் தொடங்குங்கள். காலாவதியான கார்டு உங்களைக் குழுவின் பட்டியலிலிருந்துதான் விலக்குகிறது. எதிரே இருக்கும் நோயாளியிடமிருந்து விலக்கவில்லை. கோட் ப்ளூ குழு வந்து சேரும்வரை அந்த நோயாளிக்கு உங்கள் கைகள் மட்டுமே இருக்கின்றன.

மேலாளர்களுக்கும் ஒரு சொல். இப்படி ஒரு மடல் வந்தால், முதல் வேலையாக எச்சரிக்கைக் கடிதம் அனுப்பாதீர்கள். அடுத்தவர் தன் காலாவதியை மறைப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். தேதிகளை ஏற்கிறோம், இன்ன தேதி முதல் ரோஸ்டர் மாற்றப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் எழுதி, அந்தப் பதிலையும் கோப்பில் சேருங்கள்.

எங்கள் சிஸ்டருக்கு அடுத்த நாளே அப்படியொரு பதில் வந்தது. ஜூன் 21 பணி நாளாகக் கருதப்படும் என்றும் அதில் இருந்தது. எழுத்துத் தேர்வில் 23 சரி. செய்முறையில் முதல் முறை மார்பு முழுமையாக மேலெழும்பவில்லை. பயிற்றுநர் திருத்தியபின் அதே நாளில் மறுபடி செய்து தேறினார். கார்டு ஜூன் 27 அன்று வந்தது. சங்கத்தின் இணையதளத்தில் கார்டு எண்ணை இட்டுச் சரிபார்த்துவிட்டு, அதை இணைத்து ஒரே வரியில் இரண்டாவது மடல் அனுப்பினார். ஜூலை 1 முதல் மீண்டும் கோட் ப்ளூ பட்டியலில் இருக்கிறார். புதிய கார்டில் `Renew By` என்ற இடத்தில் 06/2027 என்று இருக்கிறது. அவருடைய கைபேசி நாட்காட்டியில் 2027 ஏப்ரல் முதல் வாரத்திலேயே நினைவூட்டல் வைத்துவிட்டோம். மற்ற இரண்டு பேரின் மடல்களை இந்த வாரம் எழுதவைக்க வேண்டும்.