கார்ட்ரிட்ஜை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பக்கம் செம்புப் புள்ளிகள், மேலே பாதி கிழிந்த ஸ்டிக்கர். "அண்ணா, இது இருக்கா? என்ன ரேட்?" பிரிண்டர் சர்வீஸ் செய்யும் யாருக்கும் இது அன்றாடம் வரும் கேள்விதான். ஆனால் சென்ற வாரம் வந்தவருக்கு நடந்ததைப் பார்த்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டிலேயே ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கும் ஒரு அக்கா. வைத்திருப்பது ஹெச்பி டெஸ்க்ஜெட் 2131. கார்ட்ரிட்ஜ் பலமுறை ரீஃபில் செய்தது. மை ஊற்றியவர் மேல் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு வெறும் டேப் ஒட்டியிருந்தார். எண் போய்விட்டது. அந்த டப்பாவைப் படம் எடுத்து இணையக் கடையில் தேடியிருக்கிறார். அச்சு அசலாக அதே உருவத்தில் 680 என்று ஒன்று வந்தது. கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என இரண்டையும் வாங்கிப் பாக்கெட்டைப் பிரித்து உள்ளே தள்ளினார். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. திரையில் Incompatible என்று வந்தது. பிரித்த பாக்கெட்டை விற்றவர் திரும்ப எடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் படம் எனக்கு வந்தது.

அவருக்கு வேண்டியிருந்தது 803.

"உள்ளே சரியாகப் பொருந்துகிறதே, பிறகு ஏன் வேலை செய்யாது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொருந்துவது வேறு, பிரிண்டர் ஏற்றுக்கொள்வது வேறு. ஹெச்பி ஒரே அச்சில் வார்த்த டப்பாவுக்குப் பல எண்கள் கொடுக்கிறது. 2130 வரிசை பிரிண்டருக்கு அமெரிக்காவில் 63, ஐரோப்பாவில் 302, நம் ஊரில் 803. அதே உடம்பில் 'இங்க் அட்வான்டேஜ்' பிரிண்டர்களுக்கு 680. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஸ்டிக்கர் இல்லாமல் எனக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தச் செம்புப் புள்ளிகள் வழியாக "நான் இன்னார்" என்று கார்ட்ரிட்ஜ் சொல்வதைப் பிரிண்டர் படிக்கிறது. எதிர்பார்த்த பதில் வராவிட்டால் வேலை செய்ய மறுத்துவிடும். துடைத்துப் போட்டாலும், கழற்றி மாட்டினாலும், அணைத்து எழுப்பினாலும் இது மாறாது. தயவுசெய்து அழுத்தித் திணிக்காதீர்கள்; கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பிடி உடைந்தால் அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டி வரும்.

இன்னும் சிக்கல் என்னவென்றால், பிரிண்டர்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். 2131க்கு 803, இங்க் அட்வான்டேஜ் 2135க்கு 680. அடுத்த தலைமுறையில் 2332க்கு 805. இங்க் அட்வான்டேஜ் 2335க்கு 682. கடைசி இலக்கம் ஒன்றுதான் மாறுகிறது. நிறுவனம் இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வகையில் பிரிண்டர் மலிவு, மை குறைவாக வரும். இங்க் அட்வான்டேஜ் வகையில் பிரிண்டருக்குச் சற்றுக் கூடுதல் விலை, மை தாராளமாக வரும். 805 கறுப்பு சுமார் 120 பக்கம் தரும் என்றும் 682 கறுப்பு சுமார் 480 பக்கம் தரும் என்றும் நிறுவனமே சொல்கிறது. அதனால்தான் ஒன்றை இன்னொன்றில் போட விடுவதில்லை.

ஆகவே படம் அனுப்புவதாக இருந்தால் மூன்று படம் அனுப்புங்கள். முதலில் பிரிண்டரின் முன்பக்கத்தில் பெயரும் எண்ணும் இருக்கும் இடம். அடுத்து, கார்ட்ரிட்ஜ் மாற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே தெரியும் ஸ்டிக்கர். பெரும்பாலான பிரிண்டர்களில் எந்த எண் போடவேண்டும் என்று அங்கேயே இருக்கும். இந்த அக்காவின் பிரிண்டரிலும் 803 என்று தெளிவாக இருந்தது, அவர் மூடியைத் திறந்தபோதெல்லாம் கண்முன்னே. கடைசியாக கார்ட்ரிட்ஜின் மேல்பக்கம், வெளிச்சத்தில், எண் தெரியும்படி. பிரிண்டரைக் கவிழ்த்து அடியில் இருக்கும் நீளமான 'ரெகுலேட்டரி மாடல்' எண்ணைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. அது அரசு அனுமதிக்கான எண். அதை வைத்து கார்ட்ரிட்ஜ் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து வேறு விஷயம். கேனான் பிக்ஸ்மா எம்ஜி2570எஸ் வைத்திருப்பவர் பிஜி-745 போடலாம், பிஜி-745எஸ் போடலாம், பிஜி-745எக்ஸ்எல்லும் போடலாம். மூன்றும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் மையின் அளவுதான் மாறும். எக்ஸ்எல் என்றால் பெரிய பிரிண்டருக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அதே சமயம் பிஜி-47 பார்ப்பதற்கு அதே போல இருந்தாலும் அது ஈ410, ஈ470 போன்றவற்றுக்கு, 2570இல் ஓடாது.

சரி, எண் தெரிந்துவிட்டது. ஒரிஜினல் விலை கட்டுப்படியாகவில்லை, வெளியாட்கள் விற்கும் கம்பாட்டிபிள் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். 803, 680, பிஜி-745 மாதிரி கார்ட்ரிட்ஜ்களில் மை பீய்ச்சும் நாசில் தகடு கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. அதை வெளியாட்கள் புதிதாகச் செய்வது கடினம். ஆகவே கம்பாட்டிபிள் என்று கிடைப்பவை பெரும்பாலும் யாரோ பயன்படுத்தித் தூக்கிப்போட்ட ஒரிஜினலைக் கழுவி, மை நிரப்பியவைதான். முன்னால் வைத்திருந்தவர் மை தீர்ந்த பிறகும் விடாமல் அடித்திருந்தால், மையைச் சூடாக்கும் நுண்ணிய இடங்கள் உள்ளே கருகியிருக்கும். புது மை ஊற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். டிஷ்யூ காகிதத்தை மடித்து லேசாக ஈரமாக்கி, நாசில் பக்கத்தை ஒரு நொடி அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு என்றால் ஒரே கோடு, இடையில் விடுபடாமல். கலர் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று கோடுகள் தனித்தனியாக. ஒரு கோடு வரவில்லை என்றாலோ, மூன்றும் கலந்து சேறாக வந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செம்புப் புள்ளிகளில் ஆழமான கீறல் இருந்தாலும் வேண்டாம். காசு கொடுப்பது நீங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

மாட்டிய பிறகு திரையில் வருவதைப் பதறாமல் படியுங்கள். Used என்றோ Counterfeit என்றோ வந்தால், ஒரிஜினல் என்று சொல்லி விற்றிருந்தால் உடனே கடைக்காரரிடம் கேளுங்கள். தெரிந்தே ரீஃபில் வாங்கியிருந்தால் அது எதிர்பார்த்ததுதான். ஓகே கொடுத்துவிட்டு அச்சடிக்கலாம், மை அளவு மட்டும் சரியாகக் காட்டாது. Protected என்று வந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜ் முன்பிருந்த பிரிண்டரோடு பூட்டப்பட்டது. உங்கள் பிரிண்டரில் எந்நாளும் ஓடாது, மாற்றித் தரச் சொல்லுங்கள். Incompatible என்றால் எண்ணே தவறு.

நாசில் பிரிண்டரிலேயே இருந்து, மைப்பெட்டி மட்டும் தனித்தனியாக மாட்டும் வகை என்றால் கதை வேறு. அவற்றுக்குக் கம்பாட்டிபிள் பெட்டிகள் புதிதாகவே, வேறு சிப்போடு வருகின்றன. ஹெச்பியின் சில பிரிண்டர்களில் மென்பொருள் அப்டேட் ஆனதும் அந்த சிப்பை ஏற்பது நின்றுவிடும். 2016இல் உலகம் முழுக்கப் பலர் இதில் மாட்டினார்கள். இப்படிப்பட்ட பெட்டி வாங்குமுன் அப்டேட்டுக்குப் பிறகும் ஓடுமா, ஓடாவிட்டால் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. பழைய கார்ட்ரிட்ஜில் அச்சு மங்க ஆரம்பித்ததுமே நிறுத்திவிடுங்கள். ரீஃபில் போடுகிறவரிடம் மேல் ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிய்த்தே ஆகவேண்டும் என்றால், மார்க்கர் பேனாவால் எண்ணைப் பக்கவாட்டில் எழுதி வையுங்கள்.