பட்டையா, செவ்வகமா?

தம்பி மகள் பி.காம். படிக்கிறாள். கோடம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "பெரியப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நோட்டை நீட்டினாள். புள்ளியியலில் ஒரு அத்தியாயத்தைச் சுருக்கி எழுத வேண்டுமாம். அத்தியாயம் முழுக்கப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம்: படம் என்ன காட்டுகிறது, அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்.

மூன்றாம் படத்துக்கு 'வரலாற்று வரைபடம்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'பட்டை வரைபடம்' என்று திருத்தியிருந்தாள். முதலாவது வகுப்பில் சுற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் குறிப்பில் இருந்தது. இரண்டாவது அவளே போட்டது. எண்ணிக்கை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஒட்டி ஒட்டி நிற்கும் செவ்வகங்களால் காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு இந்த இரண்டு பெயரையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஹிஸ்டோகிராம் என்ற சொல்லைத் தந்தவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். 1895-இல் அச்சில் வந்தது. பின்பாதி கிரேக்கத்தில் எழுத்து, வரைவு. முன்பாதி 'ஹிஸ்டோஸ்', அதாவது பாய்மரம்போல் நிமிர்ந்து நிற்பது என்பார்கள். பியர்சன் மனத்தில் வரலாறுதான் இருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இன்று அந்தப் படத்தில் வரலாறு கிடையாது. 'வரலாற்று வரைபடம்' என்றால் சோழர் கால நாட்டுப்படம்தான் நினைவுக்கு வரும்.

இந்தப் பிழையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். 'பட்டை' அப்படியல்ல. பார்க்கச் சரிபோல இருந்து, படத்தையே தப்பாகப் படிக்க வைக்கும்.

அந்தப் படம் 100 பேர் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தைக் காட்டியது. 0–5 நிமிடம் 20 பேர், 5–10 நிமிடம் 30 பேர், 10–15 நிமிடம் 20 பேர், 15–30 நிமிடம் 30 பேர். கடைசிப் பிரிவு மட்டும் 15 நிமிட அகலம், மற்றவை ஐந்தைந்து. அதனால் புத்தகத்தில் உயரத்தை ஆள் எண்ணிக்கையாகப் போடாமல், நிமிடத்துக்கு எத்தனை பேர் என்று போட்டிருந்தார்கள்: 4, 6, 4, 2. கடைசிச் செவ்வகம் குட்டை, ஆனால் அகலம்.

இவள் எழுதியிருந்தது: "15 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தவர்களே மிகக் குறைவு." குட்டையாக இருக்கிறதல்லவா! பட்டைப் படத்தில் உயரம்தான் எண்ணிக்கை; அகலம் வெறும் அழகு. இட்லி, தோசை, பொங்கல் விற்பனைக்கு அது சரி. பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடலாம், வரிசையை மாற்றலாம். இங்கே கீழே ஓடுவது நேரம். இடைவெளி விட முடியாது, மாற்றி அடுக்க முடியாது, எண்ணிக்கை பரப்பில் இருக்கிறது. 2 பெருக்கல் 15, 30 பேர். முதல் பிரிவில் 4 பெருக்கல் 5, 20 பேர்தான்.

அதனால்தான் பெயரில் 'செவ்வகம்' வேண்டும் என்று அடம்பிடிக்கிறேன். செவ்வகம் என்றாலே நீளம், அகலம், பரப்பு மனத்தில் வந்துவிடும். பள்ளியில் 'நிகழ்வுச் செவ்வகம்' என்று படித்தோம், கேடில்லை. என் ஓட்டு 'பரவல் செவ்வகப் படம்' என்பதற்கு. எப்படிப் பரவியிருக்கிறது என்பதைத்தானே படம் சொல்கிறது. நீளம் என்று சலித்துக்கொள்கிறவர்கள் ஹிஸ்டோகிராம் என்றே எழுதட்டும். கடன் சொல் யாரையும் ஏமாற்றாது. பாதி பொருந்தும் தமிழ்ச் சொல் ஏமாற்றும். எல்லாவற்றுக்கும் 'வரைபடம்' போடும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது எப்போது உறைக்குமோ. அந்த ஒரே சொல் ஊர்ப்படத்துக்கும் கோட்டுப்படத்துக்கும் வட்டப்படத்துக்கும் உழைத்து உழைத்துத் தேய்ந்துவிட்டது.

சரி, வாக்கியங்களைத் திருத்தினோம். என்ன காட்டுகிறது: "காத்திருப்பு 5–10 நிமிடத்தில் அடர்ந்தும், வலப்பக்கம் மெலிந்து நீண்டும் பரவியுள்ளது, 15 நிமிடத்தைத் தாண்டியவர்கள் 30 பேர்." என்ன பயன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டோம். முதல் இரண்டு பிரிவிலேயே 50 பேர் முடிந்துவிடுவதால், ஆட்களைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடைநிலை 10 நிமிடம். ஒவ்வொரு பிரிவின் நடுப்புள்ளியையும் ஆள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 1200. சராசரி 12 நிமிடம். "நீண்ட வால் சராசரியை மேலே இழுக்கிறது, சராசரியை மட்டும் சொன்னால், பாதிப் பேர் 10 நிமிடத்துக்குள் ஏறிவிட்டதும் தெரியாது, 30 பேர் வெகுநேரம் நின்றதும் தெரியாது" என்று அவளே எழுதினாள். நடுப்புள்ளியை வைத்துப் போட்டதால் 12 என்பது தோராயம்தான் என்பதையும் ஓரத்தில் குறிக்கச் சொன்னேன்.

அப்புறம் நான்காம் படம். 'அதிர்வெண் பலகோணம்' என்றிருந்தது. "எதும்மா அதிருது இதுல?" என்றேன். வீணைக் கம்பிக்கு அதிர்வெண். பேருந்துக்கு நின்றவர்களை எண்ணினால் நிகழ்வெண். அதையும் அடித்தாள்.