முதல் பில் ஏன் கூடுதலாக வருகிறது?

இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு நிறுவனத்தில், தமிழில் பேசுகிறவர்களின் அழைப்பை எடுப்பது என் வேலை. மாதத் தொடக்கம் வந்தாலே மஸ்கெலியா, பொகவந்தலாவை, பண்டாரவளை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே கேள்விதான். போன வாரம் ஹட்டன் பக்கத் தோட்டத்து அக்கா ஒருவர் அழுதுகொண்டே கேட்டார்: "தம்பி, 2,400 ரூபாய்னு சொல்லித்தானே குடுத்தாங்க? 6,018 போட்டிருக்கீங்களே, பிள்ள படிக்கட்டும்னு எடுத்தது குத்தமா?"

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

"அக்கா, பில்லைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்க. உங்களுக்கு லைன் வந்தது ஜூன் 16. எங்க பில் மாதம் 1ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடியும். அதனால ஜூன் 16லிருந்து 30 வரைக்கும் 15 நாளுக்கு மட்டும் காசு. 2,400ஐ 30ஆல் பிரித்தால் ஒரு நாளுக்கு 80 ரூபாய், 15 நாளுக்கு 1,200. அடுத்த வரியில இருக்கிற 2,400 ஜூலை மாதத்துக்கு. மாத வாடகையை நாங்க முன்கூட்டியே எடுப்போம். மூணாவது வரி 1,500, டெக்னீசியன் வந்து பூட்டிக் கொடுத்த கூலி. எல்லாம் சேர்த்து 5,100. அதுக்கு மேல வற் வரி 18 சதவீதம், 918 ரூபாய். மொத்தம் 6,018. அடுத்த மாதம் 2,400ம் வரியும்தான், 2,832 வரும்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் காச சேர்த்து வச்சிருப்பேனே" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? டவுனில் மேசை போட்டு விற்கிறவர்கள் பெரிய எழுத்தில் உள்ள விலையைச் சொல்கிறார்கள். அடியில் சின்னதாக உள்ள 'வரி நீங்கலாக' என்பதை வாசித்துக் காட்டுவதில்லை. 'இப்போது ஒன்றும் கட்ட வேண்டாம்' என்று அவர்கள் சொல்கிற இணைப்புக் கட்டணமும் இலவசமில்லை. அது முதல் பில்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது ஒரு நினைப்பைக் கேட்கும்போதுதான்: "பதினஞ்சு நாள்தான் பாவிச்சேன், ஒன்றரை மாசக் காசு எடுக்கிறாங்க, இது கொள்ளை." இல்லை. அந்த 2,400க்கான ஜூலை மாதம் உங்களுக்கு இன்னும் முழுதாக இருக்கிறது. ஜூலைக் கடைசியில் வரும் பில் ஓகஸ்ட்டுக்கு உரியது. ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை யாரும் வாங்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல், மாதாமாதம் 6,000 வரும் என்று பயந்து லைனை வெட்டச் சொல்கிறார்கள். பல பெக்கேஜ்களில் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெட்டினால் அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டு. கூடுதல் பில்லுக்குப் பயந்தவர் அதைவிடப் பெரிய தொகை கட்ட நேர்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அதற்காக, வருகிற பில் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிழை அதிகம் ஒளிந்திருக்கும் இடம் முதல் வரி, அதாவது நாட்கணக்கு. நம் மலைப்பக்கத்தில் படிவம் நிரப்பிய அன்றே லைன் கிடைப்பது அரிது. மழை, சிக்னல் இல்லாத பள்ளம், கூரையில் அன்டனா பூட்ட வேண்டிய லயம் என்று நாள் தள்ளிப்போகும். அந்த அக்கா படிவம் கொடுத்தது ஜூன் 10. அன்றிலிருந்து எண்ணியிருந்தால் 21 நாள், 1,680 ரூபாய் வந்திருக்கும். 480 ரூபாயும் அதற்கான வரியும் வீணாகப் போயிருக்கும். அவருடைய பில்லில் 16 என்றே இருந்தது, அதனால் கணக்கு சரி. உங்கள் பில்லில் அப்படி இல்லாவிட்டால் சண்டை பிடியுங்கள், நியாயம் உங்கள் பக்கம்.

ஆகவே ரவுட்டர் வேலை செய்யத் தொடங்கிய நாளை வீட்டுக் கலண்டரில் வட்டம் போடுங்கள். டெக்னீசியன் கையெழுத்துக் கேட்கும் தாளில் தேதி சரிதானா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள், அந்தத் தாளைப் போனில் படம் எடுத்தும் வையுங்கள். வாசிக்கத் தெரியாது என்றால் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவரிடம், "மாசம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வரியோட முதல் பில் எவ்வளவு, ரெண்டாவது பில் எவ்வளவு?" என்று கேட்டு, இரண்டையும் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அன்றைக்கு எடுக்காதீர்கள். சேவையைப் பொறுத்து வேறு சின்ன வரிகளும் சேரலாம், அதையும் அந்தத் தொகைக்குள் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பில்லில் சந்தேகம் இருந்தால், தயவுசெய்து கட்டாமல் பேசாமல் இருந்துவிடாதீர்கள். லைன் துண்டிக்கப்படும், திரும்பக் கொடுக்கவும் காசு கேட்கலாம். கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு முன்னால் அழைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலக்கம் இல்லாமல் அடுத்த நாள் அழைத்தால் வேறொருவர் எடுப்பார், முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். நிறுவனம் தீர்த்துவைக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அங்கேயும் அந்த இலக்கம், பில், நீங்கள் படம் எடுத்து வைத்த தாள் மூன்றும் கையில் இருக்கட்டும்.