குளிர் ஊரில் வயர் சூடாகாதா?

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டிய பழைய வீடு ஒன்றில் வாடகை அறைகளுக்காகக் குளியலறை புதிதாகக் கட்டப்படுகிறது. முந்தைய நாள்தான் கொத்தனார் பூச்சை முடித்திருக்கிறார். சுவர் இன்னும் கருத்து ஈரமாக இருக்கிறது. கீசர் பாயிண்ட்டுக்கான பெட்டியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு வயரின் முனையைச் சீவிய பயிற்சிப் பையன், சாக்கெட்டில் மாட்டுவதற்கு முன் கம்பிகளை விரலால் பிரித்து எண்ணுகிறான். இருபத்திரண்டு. கறுப்பு வயரிலும் அதே எண்ணிக்கைதான்.

அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. வயரின் அளவு அதன் உறை மேல் அச்சிடப்பட்டிருந்தாலும், எழுத்துகள் இடைவெளி விட்டே வருவதால், சுவருக்கு வெளியே தெரியும் சிறு துண்டில் அவை அகப்படாமல் போகலாம். உறையின் தடிமனை நம்பவும் முடியாது. ஆனால், நம் ஊரில் வீட்டு வயரிங்குக்கு வழக்கமாக வரும் பல இழைத் தாமிர வயர்களில் ஒவ்வோர் இழையும் 0.3 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அந்த இழைகள் 22 இருந்தால் 1.5 ஸ்கொயர், அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம்; 36 இருந்தால் 2.5 ஸ்கொயர், 56 இருந்தால் 4 ஸ்கொயர். இந்த லைனுக்கு எழுதிக் கொடுத்திருந்தது 4 ஸ்கொயர். இரண்டு அளவுச் சுருள்களிலும் அதே சிவப்பு, அதே கறுப்பு. வயர் இழுத்தவர் கைக்குக் கிடைத்த சுருளை எடுத்துவிட்டார்.

"அண்ணா, இது ஒன்றரை ஸ்கொயர். இதில் கீசரும் ரூம் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் தாங்காது" என்கிறான் பையன். வேலையை எடுத்த மேஸ்திரி சுவரைப் பார்க்கிறார், பிறகு ஜன்னலுக்கு வெளியே இறங்கும் பனியைப் பார்க்கிறார். "டேய் தம்பி, இந்தக் குளிரில் வயர் எங்கே சூடாகப் போகிறது? கீழே கோயம்புத்தூரில் என்றால் யோசிக்கலாம்."

மேஸ்திரியின் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது என்பதுதான் இதில் சுவையான விஷயம். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் வயரின் மின்தடையையும் பெருக்கினால் கிடைப்பது. அந்த வெப்பம் உறையையும் குழாயையும் சுவரையும் கடந்து வெளியேற வேண்டும். சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் வயர் அந்த அளவுக்குக் குறைந்த வெப்பநிலையிலேயே நிலைபெறும். சாதாரண பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்கக்கூடிய எல்லை 70 டிகிரி செல்சியஸ். சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருந்து, சுவருக்குள் குழாயில் ஒரே ஜோடி வயர் மட்டும் போகும்போது, 1.5 ஸ்கொயர் தாமிரம் அந்த எல்லையைத் தொடுவது ஏறத்தாழ 17.5 ஆம்பியரில். குன்னூரில் சுவர் 15 டிகிரியில் இருந்தால், வெப்பநிலை உயர 40 டிகிரிக்குப் பதிலாக 55 டிகிரி இடம் கிடைக்கிறது. ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், கிடைத்த கூடுதல் இடத்தின் வர்க்கமூலம் மட்டுமே ஆம்பியரில் லாபமாக வரும்: 17.5 என்பது சுமார் 20.5 ஆகிறது. குளிர் கொடுக்கும் சலுகை மூன்று ஆம்பியர், அவ்வளவுதான்.

இப்போது செலவுப் பக்கம். கீசர் 3,000 வாட், 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். அது மட்டும் ஓடினால் இந்த வயர் 37 டிகிரியைத் தாண்டாது; மேஸ்திரி சொல்வது சரி. ஆனால் அதே லைனில் படுக்கையறைச் சாக்கெட்டும் இருக்கிறது. அதில் 2,000 வாட் ரூம் ஹீட்டரைச் செருகினால் மொத்தம் 21.7 ஆம்பியர். அப்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் இரண்டு வயருமாகச் சேர்ந்து 12 வாட்டுக்கு மேல் வெப்பத்தைச் சுவருக்குள் கொட்டும். வயர் 77 டிகிரியை எட்டும். 4 ஸ்கொயராக இருந்தால் அதே மின்னோட்டத்தில் ஐந்து வாட்டுக்கும் குறைவு.

77 டிகிரியில் வீடு அன்றே பற்றி எரிந்துவிடாது. உறையை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மம் மெல்ல வெளியேற, பி.வி.சி. விறைத்து வெடிப்பு விடத் தொடங்கும். ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் உறையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் கைக்கணக்கு. சாக்கெட்டுத் திருகு சற்றுத் தளர்ந்திருந்தால் அந்த இடம் இன்னும் சூடாகும்.

மின்னோட்டம் அதிகமானால், தானாக இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். இந்த லைனில் இருந்தது 20 ஆம்பியர் எம்.சி.பி. தரவிதிப்படி, தன் மதிப்பைப்போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தை, அதாவது 22.6 ஆம்பியரை, அது ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். நம்முடைய 21.7 அதற்கும் கீழே. இரவு முழுக்க ஓடினாலும் அது அசையாது. அதோடு, எம்.சி.பி.க்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்துதான் இணைப்பைத் துண்டிக்கிறது. பட்டையின் அளவீடு 30 டிகிரிக்கானது. குளிர்ந்த போர்டில் அது இன்னும் தாமதமாகவே வளையும். குளிர் வயருக்குக் கொடுத்த சலுகையை எம்.சி.பி.யும் தனக்கு எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு கணக்கும் மலைக்கே உரியது. 25 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்க, குழாயில் 27 டிகிரியில் வரும் கோவைத் தண்ணீர் என்றால் இந்தக் கீசருக்கு 16 நிமிடம் போதும். 12 டிகிரியில் வரும் குன்னூர்த் தண்ணீருக்கு 25 நிமிடம் வேண்டும். அறையில் ஹீட்டர் ஓடுவதும் தண்ணீர் வைப்பதும் அதே குளிர்ந்த காலை வேளைதான். ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வாடகை அறையில் கீசர் அணைந்து வயர் ஆறுவதற்கே நேரம் கிடைக்காது.

பையன் இதையெல்லாம் இப்படிக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. இரண்டு சாதனத்தின் வாட்டையும் கூட்டி, 230 ஆல் வகுத்து, சிமெண்ட் பை மேல் பென்சிலால் எழுதிக் காட்டினான். மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இழுத்துப் பார்" என்றார். குழாய்க்குள் இருக்கும் வயரை மாற்றச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பழைய வயரின் முனையில் புதியதைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால் போதும். வயர் அசையவில்லை. கடைசி முழம் குழாயே இல்லாமல் பூச்சுக்குள் நேராகப் புதைக்கப்பட்டிருந்தது. வெப்பத்தைப் பொறுத்தவரை அது கெடுதல் அல்ல, ஈரச் சிமெண்ட் குழாய்க்குள் இருக்கும் காற்றைவிட நன்றாகவே வெப்பத்தைக் கடத்தும்; ஆனால் பின்னால் மாற்ற வழியில்லை, யாராவது ஆணி அடித்தால் தடுப்பும் இல்லை. ஒரு நாள் வயதுப் பூச்சு உளிக்கு எளிதில் விட்டுக்கொடுத்தது. டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் செலவே வேறு. குழாயை முழுமையாக்கி, கீசருக்கு ஒன்று, ஹீட்டர் சாக்கெட்டுக்கு ஒன்று என இரண்டு தனி 2.5 ஸ்கொயர் லைன் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தார்கள். ஒரே 4 ஸ்கொயர் லைனைவிட இது மேல் என்பது என் கருத்து. ஒன்று விழுந்தால் எது விழுந்தது என்றாவது தெரியும்.

பூச்சு காய்ந்து வண்ணமும் அடித்துவிட்ட வீட்டில் இழையை எண்ண முடியாமல் போனால், மின்பணியாளர் ஒருவர் கீசரை ஓடவிட்டு, போர்டிலும் சாக்கெட்டிலும் ஒரே நேரத்தில் வோல்ட்டை அளந்து பார்க்கலாம். போர்டிலிருந்து 18 மீட்டர் போகும் லைனில் 13 ஆம்பியர் ஓடும்போது, 1.5 ஸ்கொயர் என்றால் சுமார் 6 வோல்ட் இடையில் தொலையும், 2.5 என்றால் 4 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. 4 ஸ்கொயர் என்றால் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே. இந்தச் சோதனை வயரின் அளவை நேரடியாகச் சொல்லாது, பாதையின் மொத்த மின்தடையைத்தான் சொல்லும். தளர்ந்த ஓர் இணைப்பும் அதே 6 வோல்ட்டைக் காட்டக்கூடும். அதனால் முதலில் மெயினை அணைத்து எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு, மறுபடி அளந்த பிறகே சுவரைக் குறை சொல்ல வேண்டும்.