நீர்த்த லாபமும் ஒரு பைசா வித்தியாசமும்

கம்பெனிகளின் காலாண்டு முடிவுகள் நாளிதழ்களில் விளம்பரமாக வரும்போது, பட்டியலின் அடியில் ஒரு பங்குக்கான லாபம், அதாவது இ.பி.எஸ்., இரண்டு வரிகளாக இருக்கும். ஒன்று அடிப்படை, இன்னொன்று நீர்த்தது. வாசகர் ஒருவர் அந்த இரண்டாவது எண்ணைத் தானே போட்டுப் பார்த்திருக்கிறார். "ஊழியர்களுக்குத் தந்த ஆப்ஷன்களையும் பங்காக மாறக்கூடிய கடன் பத்திரங்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்தேன். கம்பெனி சொல்வதைவிட எனக்கு ஒரு பைசா கூடுதலாக வருகிறது. எங்கே தவறினேன்?" என்று கேட்கிறார். ஒன்றுவிடாமல் சேர்த்ததுதான் தவறு. அந்த ஒரு பைசாவுக்குள் இந்தக் கணக்கின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

வசதியான எண்களை வைத்துக்கொள்வோம். வரி போக ஆண்டு லாபம் 10 கோடி ரூபாய். ஆண்டு முழுவதும் புழக்கத்தில் இருந்த பங்குகள் 1 கோடி. அடிப்படை இ.பி.எஸ். 10 ரூபாய். இதில் விளக்க ஒன்றுமில்லை.

கதவுக்கு வெளியே இரண்டு கூட்டம் நிற்கிறது. ஊழியர்களிடம் 20 லட்சம் ஆப்ஷன்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டினால் ஒரு பங்கு கிடைக்கும். இன்னொரு பக்கம், ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட 8 கோடி ரூபாய் மூன்றாண்டுக் கடன் பத்திரங்கள். அவற்றை வைத்திருப்பவர்கள் விரும்பினால் மொத்தம் 6 லட்சம் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். இவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டால் ஒரு பங்குக்கு என்ன மிஞ்சும் என்பதே கேள்வி.

முதலில் ஆப்ஷன். 20 லட்சம் பங்குகளை அப்படியே கூட்டுவது நியாயமில்லை, ஏனென்றால் ஊழியர்கள் சும்மா வருவதில்லை, 12 கோடி ரூபாயோடு வருகிறார்கள். அந்தப் பணத்தைக் கம்பெனி என்ன செய்யும்? இந்தியக் கணக்கியல் தரநிலை ஒரு கற்பனையைச் செய்துகொள்கிறது: அந்த 12 கோடிக்கும் சந்தையில் தன் பங்கையே வாங்கிவிடுவதாக. ஆண்டின் சராசரிச் சந்தை விலை 100 ரூபாய் என்றால் 12 லட்சம் பங்குகள் திரும்பி வரும். மீதி 8 லட்சம் பங்குகள்தான் காசில்லாமல் கொடுத்தவை. நீர்க்கச் செய்பவை அவையே. கவனியுங்கள், சராசரி விலைதான். ஆண்டின் கடைசி நாள் விலையை எடுப்பது பலர் செய்யும் பிழை. இப்போது 10 கோடி ÷ 1.08 கோடி = 9.26.

கடன் பத்திரத்துக்கு வேறு வழி. அது பங்காக மாறியிருந்தால் கம்பெனி வட்டி கொடுத்திருக்காது. எனவே பங்குகளைக் கீழே கூட்டும்போது, மிச்சமாகும் வட்டியை மேலே லாபத்தில் கூட்ட வேண்டும். வட்டி இல்லையென்றால் அதனால் கிடைத்த வரிச் சலுகையும் இல்லை. ஆகவே வரி போக மிஞ்சும் வட்டியை மட்டும்.

எந்த வட்டி? பத்திரத்தில் அச்சிட்டிருப்பது 8 சதவீதம், அதாவது 64 லட்சம். ஆனால் லாப நட்டக் கணக்கில் செலவாகப் பதிவாவது அதுவல்ல. பங்காக மாறும் உரிமை இல்லாத இதே போன்ற கடனுக்குச் சந்தை 10 சதவீதம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இண்ட் ஏ.எஸ். 32 தரநிலைப்படி 8 கோடியில் சுமார் 7.6 கோடிதான் கடன். மாறும் உரிமைக்கான விலையாகிய மீதி 40 லட்சம் மூலதனப் பக்கம் போய்விடும். 7.6 கோடிக்கு 10 சதவீதமாக 76 லட்சம் வட்டிச் செலவாகப் பதிவாகும். லாபத்தைக் குறைத்தது இந்த 76 லட்சம் என்பதால் திரும்பக் கூட்டுவதும் இதைத்தான். வரி விகிதம் 25 சதவீதம் என்றால் 57 லட்சம். அதை 6 லட்சம் பங்குகளால் வகுத்தால், புதிதாக வரும் ஒவ்வொரு பங்கும் 9.50 ரூபாயைக் கையோடு கொண்டுவருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். 9.50 என்பது அடிப்படையான 10 ரூபாயைவிடக் குறைவு. தனியாகச் சேர்த்துப் பார்த்தால் 10.57 கோடி ÷ 1.06 கோடி = 9.97. நீர்க்கிறது, சேர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் இ.பி.எஸ். கணக்குக்கான தரநிலையாகிய இண்ட் ஏ.எஸ். 33 இங்கே வரிசை பார்க்கிறது. அதிகமாக நீர்க்கச் செய்பவர் முதல் பந்தி. ஆப்ஷன்கள் மேலே எதையும் கூட்டாமல் கீழே மட்டும் கூட்டுவதால் வழக்கமாக முதல் இலை அவற்றுக்குத்தான். அவை உட்கார்ந்தபின் ஒரு பங்குக்கு இருப்பது 9.26. அடுத்து வரும் பத்திரம் கொண்டுவருவதோ 9.50. தான் சாப்பிடுவதைவிட அதிகமாகக் கொண்டுவரும் விருந்தாளி! சேர்த்தால் 10.57 கோடி ÷ 1.14 கோடி = 9.27. மோர் நீர்ப்பதற்குப் பதிலாகக் கெட்டியாகிறது. மிக மோசமான நிலையைக் காட்டுவதற்காகவே இந்த எண் இருப்பதால், நிலையை மேம்படுத்திக் காட்டும் எதையும் சேர்க்கக் கூடாது. விடை 9.26. வாசகரின் அந்த ஒரு பைசா இதுதான்.

அவர் 76 லட்சத்துக்குப் பதில் 64 லட்சத்தை எடுத்திருந்தால் இன்னொரு பக்கம் சறுக்கியிருப்பார். வரி போக 48 லட்சம், பங்குக்கு 8 ரூபாய். அது 9.26-ஐவிடக் குறைவு என்பதால் பத்திரத்தையும் சேர்த்து 9.19 என்று முடித்திருப்பார். இந்தத் தவறு முந்தையதைவிட ஏழு மடங்கு பெரியது, கண்ணில் படுவதும் கடினம்.

இன்னொரு வேடிக்கை. பத்திரத்தில் எதுவும் மாறவில்லை, பங்கின் சராசரி விலை மட்டும் 75 ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்போம். ஊழியர்களின் 12 கோடிக்கு இப்போது 16 லட்சம் பங்குகள் திரும்ப வரும். இலவசமாகப் போவது 4 லட்சம் மட்டும். 10 கோடி ÷ 1.04 கோடி = 9.62. இப்போது பத்திரத்தின் 9.50 அதைவிடக் குறைவு, எனவே அது உள்ளே வருகிறது: 10.57 கோடி ÷ 1.10 கோடி = 9.61. விலை விழுந்ததால் நீர்த்த இ.பி.எஸ். உயர்ந்திருக்கிறது, வெளியே நின்ற பத்திரமும் பந்தியில் உட்கார்ந்துவிட்டது. விலை 60-க்குக் கீழே போனால் ஆப்ஷன்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். சந்தை மோசமாகும்போது நன்றாகத் தெரியும் எண் இது. தொலைக்காட்சியில் பங்குக்கு ஜோதிடம் சொல்பவர்கள் இதை ஒரு நாளும் சொல்லிக் கேட்டதில்லை.

நட்டத்தில் இருக்கும் கம்பெனிகளில் இரண்டு வரியும் ஒரே எண்ணாக இருப்பதும் இதனால்தான். 10 கோடி நட்டத்தை அதிகப் பங்குகளால் வகுத்தால் பங்குக்கான நட்டம் சுருங்கிவிடும். ஆகவே யாருக்கும் உள்ளே இடமில்லை. ஆப்ஷன்களே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. கட்டாயம் பங்காக மாறியே தீர வேண்டிய பத்திரங்களின் கதை வேறு. அவற்றில் விருப்பத்துக்கு இடமில்லாததால் அடிப்படை எண்ணிலேயே சேர்ந்துவிடுகின்றன.

வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பார்க்க விரும்பினால் விளம்பரம் போதாது. ஆண்டறிக்கையின் பின்பகுதியில் இ.பி.எஸ். பற்றிய குறிப்பு ஒன்று இருக்கும். நீர்க்காது என்பதால் இந்த ஆண்டு சேர்க்காத, ஆனால் வரும் ஆண்டுகளில் நீர்க்கக்கூடிய கருவிகள் எவை என்று அங்கே சொல்லியாக வேண்டும் என்பது விதி. வாசகரைக் குழப்பிய பத்திரங்கள் அந்தக் குறிப்பில்தான் காத்துக்கொண்டிருக்கும்.