சத்தம் வந்தால் பெல்ட்டை இறுக்குவது

"சார், நேத்துதான் பெல்ட்டை நல்லா இறுக்கினேன். இன்னைக்கு வேற மாதிரி கத்துது." கிண்டி பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆப்பரேட்டர் தம்பி போனில் சொன்ன இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே பாதி விடை இருந்தது. முதலில் ஒரு சத்தம் வந்தது, இறுக்கினார்; அந்தச் சத்தம் போய் வேறொன்று வந்தது. ஏ.சி. பராமரிப்பில் இத்தனை வருடங்களில் இதே கதையைப் பல கட்டடங்களில் பார்த்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெல்ட், புல்லி, பேரிங் மூன்றும் ஒன்றையொன்று எப்படிக் கெடுக்கின்றன என்பது இதில் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது மாடிக்குக் காற்று கொடுக்கும் ஏ.எச்.யூ. உள்ளே இரண்டு பக்கமும் காற்றை இழுக்கும் புளோயர், அதை ஓட்ட 10 குதிரைத்திறன் மோட்டார், நடுவே இரண்டு 'பி' செக்‌ஷன் வி-பெல்ட்டுகள். மோட்டார் புல்லி 150 மில்லிமீட்டர், புளோயர் புல்லி 280. ஐந்து மாதத்தில் மூன்று ஜோடி பெல்ட் மாற்றியிருந்தார்கள். ஒழுங்காகப் பொருத்திய பெல்ட் ஒரு வருடத்துக்கு மேல் சாதாரணமாக ஓடும். அப்படியிருக்க ஐந்து மாதத்தில் மூன்று ஜோடி போகிறது என்றால் குறை பெல்ட்டில் இல்லை. ஆனால் ஸ்டோரில் போய் "மட்டமான பெல்ட் வாங்கிக் கொடுக்கிறீங்க" என்று சண்டை போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது, இங்கேயும் நடந்திருக்கிறது.

போனதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு வெளியே நின்று இரண்டு நிமிடம் கேட்டேன். பெல்ட் வழுக்கினால் ஸ்டார்ட் ஆகும்போது 'கீ...ச்' என்று கத்தும், வேகம் பிடித்ததும் அநேகமாக அடங்கிவிடும். புல்லிகள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் விட்டுவிட்டு ஒரே தாளத்தில் குருவி கத்துவது போலக் கேட்கும். பேரிங் போனால் அது வேறு ஜாதி: நிற்காத உறுமல், கல்லை அரைப்பது போல. ஸ்விட்சை அணைத்த பிறகும் புளோயர் சுற்றி நிற்கும் வரை அந்த உறுமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். இங்கே கேட்டது இந்தக் கடைசி ரகம். தம்பியிடம், "முன்னால எப்படிக் கேட்டுச்சு?" என்றேன். "காலையில போட்டவுடனே கீச்சுன்னு ஒரு நிமிஷம் கத்தும் சார், அப்புறம் சரியாயிடும்." சரி, வரிசை புரிந்தது.

இந்த வேலையில் கை போனவர்களை எனக்குத் தெரியும், அதனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்படியும் புளோயர் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே மாடியில் ஓடும் இன்னொரு ஏ.எச்.யூ. இழுக்கிற காற்று இதையும் சுற்றவைக்கிறது. கரண்ட் இல்லை என்று நம்பிப் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே விரலை வைத்தால் போச்சு. சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகுதான் கை வைத்தேன்.

பெல்ட்டின் பக்கச் சுவர்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தன, கீழே தரையில் கறுப்புத் தூள். ஆனால் எனக்கு விஷயத்தைச் சொன்னது புளோயர் புல்லிதான். அதன் பள்ளத்தின் அடிப்பகுதி வெள்ளி போல மின்னியது. வி-பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. இரண்டு சாய்வான சுவர்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறுகி உட்காருவதால்தான் அதற்குப் பிடிப்பு. சுவர்கள் தேய்ந்து பள்ளம் அகலமானால் பெல்ட் கீழே இறங்கி அடியில் உட்கார்ந்துவிடும். ஆப்பு வேலை போய்விட்டது. இனி அது தட்டைப் பெல்ட் போலத்தான், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். புதுப் பெல்ட்டைப் போட்டுப் பார்த்தால் அதன் மேல்முகம் புல்லியின் விளிம்போடு சமமாக, அல்லது கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். இங்கே நன்றாக உள்ளே இறங்கிக் கிடந்தது. பள்ளத்தின் சுவரில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தேய்ந்தாலே புல்லியை மாற்றச் சொல்வார்கள். அதை அளக்கப் பிளாஸ்டிக் கேஜ் உண்டு, விலையும் அதிகமில்லை. ஆனாலும் மூன்று ஜோடி பெல்ட் மாற்றியவர்களில் ஒருவரும் புல்லியைப் பார்க்கவில்லை.

வழுக்கியது, கத்தியது. கத்தியதும் இறுக்கினார்கள். புதுப் பெல்ட் போட்டு மறுபடியும் இறுக்கினார்கள். எவ்வளவு இறுக்கியிருந்தார்கள் என்று பார்த்தேன். இரண்டு புல்லிகளின் மையங்களுக்கு நடுவே 600 மில்லிமீட்டர். பெல்ட் காற்றில் நிற்கிற நீளமும் கிட்டத்தட்ட அதேதான், கணக்குப்படி 596. அந்த நீளத்தின் நடுவில் அழுத்தும்போது நூறு மில்லிமீட்டருக்கு 1.6 வீதம் வளைய வேண்டும், அதாவது இங்கே சுமார் 9.5 மில்லிமீட்டர். அந்த அளவு வளைக்க எத்தனை கிலோ விசை தேவைப்படுகிறது என்பதுதான் டென்ஷன். இந்த அளவுப் புல்லிக்கு ஒரு பெல்ட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை கிலோ. சரியான எண் பெல்ட் கம்பெனி அட்டவணையில் இருக்கும். ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தேன், 7 கிலோ காட்டியது. இரண்டு மடங்கு.

கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் செய்கிறேன். ஆனால் என் விரலும் உங்கள் விரலும் ஒரே விசையில் அழுத்துவதில்லை. மூன்று கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியவே தெரியாது.

இந்த இரண்டு மடங்கின் விலையைக் கட்டுவது பேரிங். பால் பேரிங்கின் ஆயுள் அதன்மேல் விழும் சுமையின் மும்மடிக்கு எதிர்மாறாகப் போகும். சுமை ஒன்றரை மடங்கானால் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும், இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. ஐந்து வருடம் ஓட வேண்டியது ஏழெட்டு மாதத்தில் முடிந்துவிடும். அதிலும் புல்லி ஷாஃப்டின் வெளிமுனையில் தொங்குவதால், புல்லிப் பக்கத்துப் பேரிங்தான் இழுப்பு முழுக்கத் தாங்குகிறது.

அதை உறுதிசெய்ய பெல்ட்டுகளைக் கழற்றினேன். முதலில் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக ஓடியது. உறுமல் மோட்டாருடையது இல்லை. மறுபடி பூட்டு போட்டுவிட்டு, புளோயரைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங் வீட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். தூரத்துப் பேரிங்கில் ஒன்றுமில்லை. புல்லிப் பக்கத்தில் கறக்... கறக் என்று ஓர் இடத்தில் தட்டியது. ஷாஃப்டுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நெம்பினால் கண்ணுக்கே தெரியும்படி ஆடியது. கிரீஸ் கறுத்து, கொஞ்சம் உலோக மினுமினுப்போடு வெளியே வழிந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்தால் பெல்ட்டின் இழுப்பு ஆட்டத்தை மறைத்துவிடும், எல்லாம் கெட்டியாக இருப்பதாகவே தோன்றும்.

தம்பி அதற்குள் கிரீஸ் கன்னோடு வந்துவிட்டார். உறுமுகிற பேரிங்குக்குக் கிரீஸ் அடித்தால் இரண்டு நாள் சத்தம் குறையும், அவ்வளவுதான். பள்ளம் விழுந்த ஓட்டப்பாதையைக் கிரீஸ் நிரப்பாது. அதிகமாக அடித்தால் சீல் பிதுங்கி, இருக்கிற கிரீஸும் வெளியே வந்துவிடும்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது: இரண்டு பெல்ட்டில் ஒன்றின் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தது ஏன்? நூல் பிடித்துப் பார்த்தேன். புளோயர் புல்லியின் முகத்தில் இரண்டு விளிம்பிலும் நூலைத் தொடவைத்து, மோட்டார் புல்லி வரை இழுத்துப் பிடித்தால் அங்கேயும் இரண்டு விளிம்பும் தொட வேண்டும். ஒன்று தொட்டது, மற்றதில் 4 மில்லிமீட்டர் இடைவெளி. 150 மில்லிமீட்டர் புல்லியில் 4 என்றால் ஒன்றரை டிகிரி கோணல். வி-பெல்ட்டுக்கு அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

காரணம் சிரிப்பை வரவழைத்தது. மோட்டாரை நகர்த்த இரண்டு டென்ஷன் போல்ட் உண்டு. ஒன்று சுவரை ஒட்டி இருக்கிறது, ஸ்பானர் நுழையாது. அதனால் ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டுகிற ஒன்றை மட்டும் திருகியிருக்கிறார்கள். மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போயிருக்கிறது. இறுக்க இறுக்க அலைன்மென்ட் கெட்டது. குட்டை ரிங் ஸ்பானர் ஒன்று போதும், அந்தப் போல்ட்டும் திரும்பும்.

புளோயர் புல்லி, இரண்டு பேரிங்குகள், ஒரே கம்பெனியின் இரண்டு பெல்ட்டுகள், இத்தனையும் மாற்றினோம். பழைய பெல்ட்டோடு புதியதை ஜோடி சேர்த்தால் நீளாத புதியதே சுமை முழுக்க இழுக்கும், அதனால் எப்போதும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பெல்ட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றவில்லை. மோட்டாரை முன்னே தள்ளி, கையாலேயே மாட்டினோம். நெம்பினால் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

நூல் பிடிக்கும்போது ஒரு பொறி உண்டு, நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். புதுப் புல்லியின் விளிம்பு பழையதைவிடத் தடிமனாக இருந்தது. முகத்தோடு முகம் நேராக்கினால் பள்ளத்தோடு பள்ளம் 2 மில்லிமீட்டர் விலகி நிற்கும். ஓட வேண்டியது பள்ளம், முகம் அல்ல. விளிம்பிலிருந்து பள்ளம் வரை இரண்டு புல்லியிலும் அளந்து, அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டேன். பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் நூலைப் பார்த்து, தராசில் 3 கிலோ வந்ததும் நிறுத்தினோம்.

வேகத்தை டாக்கோமீட்டரில் அளந்தேன். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றினால் கணக்குப்படி புளோயர் 771 சுற்ற வேண்டும். வேலைக்கு முன் 715 காட்டியது, இப்போது 764. வேகம் குறைகிற வீதத்திலேயே காற்றும் குறையும். அந்த மாடிக்கு இத்தனை நாளும் ஏழு சதவீதக் காற்று குறைவாகப் போயிருக்கிறது. மதியம் குளிரவில்லை என்று, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், அதனால் வழுக்கல் கத்திக் காட்டியது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. இருக்கும் இடத்தில் மோட்டார் மெதுவாக வேகம் எடுப்பதால் அந்தக் கீச்சு பெரும்பாலும் வராது. சத்தமில்லாமலே வழுக்கிப் பெல்ட் தேயும். அங்கே கறுப்புத் தூளையும் டாக்கோமீட்டரையும்தான் நம்ப வேண்டும்.

புதுப் பெல்ட் பள்ளத்தில் உட்கார்ந்து சற்று நீளும், அதனால் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தேன். தம்பி தராசை மாட்டி, "ரெண்டு கிலோ சொச்சம்தான் சார் காட்டுது, ஏத்தட்டுமா?" என்று கேட்டார். ஏற்றச் சொன்னேன், இரண்டு போல்ட்டிலும்.